அடுப்பு எரியும் நேரத்திலிருந்து செங்கல் வரை: எங்கள் வீட்டுச் சாண எரிவாயுக் கலன்

நான் பிறந்த வீட்டில் இரும்பு டிரம் மிதக்கும் சாண எரிவாயுக் கலன் இருந்தது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மாதிரி. வருடா வருடம் அப்பா அந்த டிரம்முக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பார். ஒரு வருடம் விட்டுவிட்டார், அடுத்த இரண்டு வருடத்தில் விளிம்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அதனால் கல்யாணமாகி கோபிச்செட்டிபாளையம் பக்கம் வந்த பிறகு, இங்கே ஒரு கலன் கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, இரும்பே வேண்டாம் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். செங்கல் கூரையோடு முழுதும் மண்ணுக்குள் இருக்கும் தீனபந்து மாதிரிதான் எங்கள் தேர்வு. 1984-இல் டெல்லியைச் சேர்ந்த அஃப்ப்ரோ என்ற அமைப்பு உருவாக்கியது அது. அடியில் வடச்சட்டி மாதிரி குழிந்த தரை, அதன்மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி கூரை. அசைகிற பாகம் எதுவும் கிடையாது.

எத்தனை கன மீட்டர் கட்டுவது என்று கேட்டால் எல்லோரும் ஆள் கணக்குச் சொல்வார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கன மீட்டர் வாயு. நாங்கள் ஆறு பேர், ஆகவே ஒன்றரை. ஆனால் எங்கள் வீட்டில் ஆள் மட்டும் சாப்பிடுவதில்லை. மாடுகளுக்குத் தினமும் கஞ்சி காய்ச்ச வேண்டும், தோட்டத்து ஆட்களுக்கு டீ போட வேண்டும். அதனால் ஒரு வாரம் சமையலறைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தேன். எந்தப் பர்னர் எத்தனை மணிக்கு எரிய ஆரம்பித்தது, எப்போது அணைத்தோம் என்று. இரண்டு பர்னரும் சேர்ந்து எரிந்தால் இரண்டாகக் கணக்கு. காலையில் இரண்டரை மணி நேரம், மதியம் அரை, மாலையும் இரவும் சேர்த்து ஒன்றரை. ஆக நாளுக்கு நாலரை பர்னர்-மணி. சாண வாயு அடுப்பின் சாதாரண பர்னர் ஒன்று மணிக்கு 450 லிட்டர் வாயு எரிக்கும். 450-ஐ நாலரையால் பெருக்கினால் 2025 லிட்டர். ஆக இரண்டு கன மீட்டர். ஆள் கணக்கை நம்பி ஒன்றரை கட்டியிருந்தால் தினமும் கால் பங்கு சமையலுக்கு விறகு தேட வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது சாணம். ஒரு கிலோ பசுஞ்சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு. 2000 லிட்டருக்கு 50 கிலோ வேண்டும். எங்களிடம் நான்கு கலப்பின மாடுகள் உண்டு, எல்லாம் கொட்டகையிலேயே கட்டிப் போடுபவை. "நாலு மாட்டுச் சாணம் தாராளமாப் போதும்" என்று அத்தை சொன்னார். இருந்தாலும் ஒரு வாரம் கூடையோடு தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் 48, ஒரு நாள் 55. சராசரி 52 வந்தது. மேய்ச்சலுக்குப் போகிற மாடுகளாக இருந்தால் இதில் பாதிகூடக் கையில் வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பகல் சாணம் காட்டில் கிடக்கும், கொட்டகையில் விழும் இரவுச் சாணம் மட்டும்தான் நமக்கு. மாட்டின் எண்ணிக்கையை வைத்துக் கலன் கட்டி, பிறகு பாதி வாயுவோடு நிற்பவர்கள் பலர் இங்கேதான் தவறினார்கள்.

50 கிலோ சாணத்தோடு அதே அளவு தண்ணீர் கலந்தால் நாளுக்கு 100 லிட்டர் கரைசல் உள்ளே போகும். அது எத்தனை நாள் உள்ளே தங்க வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் கலனின் பருமன். நம் ஊர் வெப்பத்துக்கு 30 நாள் போதும் என்பார்கள். வடக்கே குளிர் அதிகமான இடங்களில் 55 நாள் வரை வைப்பார்கள். நாங்கள் மார்கழிக்கும் சேர்த்து 40 நாள் என்று வைத்துக்கொண்டோம். ஆக 4000 லிட்டர் கரைசல். அதற்கு மேல் வாயு சேர இடம் வேண்டும். தீனபந்துவில் ஒரு நாள் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு இடம் விடுவது வழக்கம். அதாவது 667, நாங்கள் 700 என்று எடுத்தோம். உச்சியில் கரைசல் எட்டவே கூடாத ஒரு இடமும் வேண்டும், இல்லையென்றால் வாயுக் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்கு 300. எல்லாம் சேர்த்தால் 5000 லிட்டர்.

இந்த 5000-ஐ அளவாக மாற்றுவது எளிது. மேலே அரைக்கோளம், கீழே ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆழமுள்ள சட்டி என்று வைத்தால், மொத்தக் கொள்ளளவு ஆரத்தின் மும்மடிப் பெருக்கத்தை 2.75-ஆல் பெருக்கிய அளவு. நாலு அடி ஆரம் என்பது 1.22 மீட்டர். 1.22 × 1.22 × 1.22 × 2.75 என்று போட்டால் சரியாக 5 கன மீட்டர் வருகிறது. நாலு அடி என்றால் மேஸ்திரிக்கும் கயிறு பிடிக்க வசதி. சட்டியின் ஆழம் 19 அங்குலம்.

இனி செங்கல். கூரைக்குச் செங்கலின் அகலமான பக்கம் உள்ளே பார்க்கும்படி வைப்பார்கள், ஆகவே சுவரின் தடிமன் மூன்று அங்குலம்தான். கூரையின் பரப்பு பத்து சதுர மீட்டர். 9-க்கு 4½ அங்குலக் கல்லாக இருந்தால், சாந்து இடைவெளியோடு சேர்த்து, சதுர மீட்டருக்கு 35 கல். ஆகக் கூரைக்கு 350. வாயு தள்ளும் கரைசல் ஏறி நிற்கும் வெளித்தொட்டியின் சுவருக்கு 155, அதன் தரைக்கு 65. கலனிலிருந்து வெளித்தொட்டிக்கு ஏறும் கிணறு மாதிரியான பாதைக்கு 120. சாணம் கரைக்கும் தொட்டிக்கும் அதன் அடிக்கும் 115. கூட்டினால் 805.

இந்தக் கணக்கோடு சூளைக்குப் போனேன். அங்கே ஒரு கல்லை எடுத்து டேப்பை வைத்துப் பார்த்தால் எட்டரை அங்குலத்துக்கு நாலு. தடிமன் இரண்டே முக்கால். நம் பக்கத்தில் 9 அங்குலம் என்று சொல்லி விற்கும் பல கல் இப்படித்தான் இருக்கிறது. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் கூரைக்கு 350 என்பது கிட்டத்தட்ட 400 ஆகிவிடும். மொத்தம் 920. உடைசலுக்கும் வெட்டுக்கும் எட்டு சதவீதம் சேர்த்து 1000 கல் இறக்கினோம். கடைசியில் மிஞ்சியது பன்னிரண்டு. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டி, கணீரென்று கேட்கிற கல்லாக மட்டும் கூரைக்குத் தனியாக அடுக்கச் சொன்னேன்.

சிமெண்டும் அப்படித்தான், பகுதி பகுதியாகப் போட்டால் பயமுறுத்தாது. சட்டித் தரைக்கு 1:3:6 கான்கிரீட், கூரை உட்காரும் விளிம்பில் மட்டும் கொஞ்சம் தடிமனாக. எல்லாம் சேர்த்து 0.9 கன மீட்டர், அதற்கு 4 மூட்டை. செங்கல் கட்டும் சாந்து கூரைக்கு ஒன்றுக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒன்றுக்கு நாலு. அதற்கு இன்னொரு 4 மூட்டை. வெளித்தொட்டியின் மூடிப் பலகைகளுக்கு 1 மூட்டை. பூச்சுக்கு 5 மூட்டை. மொத்தம் 14. மணல் அரை யூனிட், அதாவது 50 கன அடி. அதில் 30 எம்-சாண்ட், 20 பூச்சுக்கான பி-சாண்ட். ஜல்லி 34 கன அடி.

பூச்சுக்கு ஐந்து மூட்டையா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. கூரையின் உள்பக்கம் வெறும் 100 சதுர அடிதான். சாதாரண வீட்டுச் சுவரில் 100 சதுர அடிக்கு முக்கால் மூட்டை போதும். ஆனால் இந்த 100 சதுர அடிக்கு மட்டும் இரண்டு மூட்டைக்கு மேல் போகிறது. ஏனென்றால் செங்கல் வாயுவைத் தடுக்காது. தண்ணீர் நிற்கிற சுவரில்கூட வாயு புகுந்து வெளியேறும். கலனில் வாயுவை அடைத்து வைப்பது அந்தப் பூச்சு ஒன்றுதான்.

கணக்கு இப்படி. முதலில் சுவரை நனைத்துச் சிமெண்ட் பால் அடிக்க வேண்டும். அதன்மேல் 12 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒன்றுக்கு மூன்று பூச்சு. 9.35 சதுர மீட்டர் பரப்பை 0.012-ஆல் பெருக்கினால் 0.112 கன மீட்டர் ஈரச் சாந்து. உலர்ந்த பொருளாக அது முப்பது சதவீதம் கூடுதல், 0.146. அதில் கால்வாசி சிமெண்ட், 52 கிலோ. செங்கல் இடுக்குகளை நிரப்ப ஐந்தில் ஒன்று சேர்த்தால் 62 கிலோ. அது இறுகியதும் மறுபடி சிமெண்ட் பால், அதன்மேல் 5 மில்லிமீட்டருக்கு ஒன்றுக்கு இரண்டு பூச்சு, அதற்கு 30 கிலோ. அது பச்சையாக இருக்கும்போதே தூய சிமெண்டைக் குழைத்து, கரணையால் கண்ணாடி மாதிரி இழுத்துத் தேய்ப்பதற்கு 25 கிலோ. ஆக 117 கிலோ. மீதி மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகச் சட்டி, தொட்டிகள், கிணற்றுப் பாதை, கூரையின் வெளிப்பக்கம் எல்லாவற்றுக்கும். உள்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் எமல்ஷன் பெயின்டில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து வாயு நிற்கும் பகுதிக்கு இரண்டு கை அடித்தோம்.

வேலையை வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருந்த நாட்களாகப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். எங்கள் நிலம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். தண்ணீர் விட்ட ஒரு மாதத்தில் ஐந்தாறு அடியிலேயே ஊற்று கசியும். ஏழு அடி ஆழக் குழியில் அது வந்தால் கான்கிரீட் கெடும். பிறகும் ஆபத்து உண்டு, காலியாக இருக்கும் கலனை நிலத்தடி நீர் படகு மாதிரித் தூக்கிவிடும். இன்றுவரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் கலனைக் காலி செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

கூரை எழுப்புவதைப் பார்க்க அக்கம்பக்கத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். சாரமும் கிடையாது, சென்ட்ரிங் பலகையும் கிடையாது. சட்டியின் நடுவில் ஒரு குழாயை நட்டு, அதன் தலை சட்டியும் கூரையும் சேரும் விளிம்பு மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தினார் மேஸ்திரி. தலையில் ஒரு ஆணி. ஆணியில் கட்டிய கயிற்றை நாலு அடியும் பூச்சுக்கு முக்கால் அங்குலமும் சேர்த்து அளந்து முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு கல்லின் உள் முகமும் அந்த முடிச்சைத் தொட வேண்டும். தொட்டால் சரி. மேலே போகப் போகக் கல் உள்ளே சாயும், அப்போது எஸ் வடிவக் கம்பிக் கொக்கியைக் கல்லில் மாட்டி, வெளிப்பக்கம் ஒரு அரைக்கல்லைத் தொங்கவிடுவார். அந்த எடை கல்லைப் பிடித்துக்கொள்ளும். வட்டம் முழுதாகிக் கடைசிக் கல்லை இறுக்கிவிட்டால் கொக்கியைக் கழற்றலாம், அந்த வரிசை தானே நிற்கும். பாதி வட்டத்தில் சாப்பாட்டுக்கு ஏறிப் போகக் கூடாது. கயிறும் நைலானாக இருந்தால் வெயிலில் இழுபடும் என்று பிறகு தெரிந்து, பாதியில் கட்டுக்கம்பிக்கு மாற்றினோம்.

வெளித்தொட்டிக்குப் போகும் வாயில் எங்கே இருக்க வேண்டும் என்பதில் மேஸ்திரிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. ஏறி இறங்க வசதியாகக் கொஞ்சம் உயர்த்தி வைக்கலாம் என்றார் அவர். வாயு முழுதாகச் சேர்ந்திருக்கும்போது உள்ளே கரைசல் மட்டம் கூரை உச்சியிலிருந்து இரண்டு அடி கீழே இறங்கும். வாயிலின் மேல் விளிம்பு அதற்கும் கீழே இருந்தாக வேண்டும், இல்லையென்றால் சேர்ந்த வாயு அந்த வழியே குமிழியிட்டுப் போய்விடும். உச்சியிலிருந்து இரண்டே முக்கால் அடி என்று வைத்தோம். வெளித்தொட்டியின் தரை உச்சியிலிருந்து ஒரு அடி கீழே. உள் அளவு ஐந்து அடிக்கு நாலு, கழிவு வழியும் துவாரம் வரை ஒன்றே கால் அடி உயரம். பெருக்கினால் 25 கன அடி, அதுதான் நம்முடைய 700 லிட்டர். வாயு சேரச் சேர உள்ளே இருக்கும் கரைசலைத் தள்ளி இந்தத் தொட்டிக்கு ஏற்றும். அடுப்பைத் திறந்தால் தொட்டியில் இருப்பது கீழே இறங்கி வாயுவைத் தள்ளும். தொட்டியின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவுதான் வாயுச் சேமிப்பு. இந்த ஒரு வரியை அப்போதே நான் இன்னும் நன்றாக யோசித்திருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உள்பூச்சின் முதல் நாள் கூரையின் பாதி உயரத்துக்கு மேல் வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. "மீதியைக் காலைல பாத்துக்கலாங்க அம்மிணி" என்றார் மேஸ்திரி. எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. சரி என்றேன்.

பூச்செல்லாம் முடிந்து, பத்து நாள் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு சோதனை. வெளிப்பூச்சும் மண் மூடுவதும் வேண்டுமென்றே பாக்கி வைத்திருந்தோம், ஓட்டை இருந்தால் கண்ணில் பட வேண்டும் என்று. ஆனால் மண் மூடாத கூரையில் முழு அழுத்தம் கொடுக்கக் கூடாது. வாயு நிறைந்த கலனில் இரண்டடிக்கு மேல் தண்ணீர் உயர அழுத்தம் இருக்கும். அது இந்தக் கூரையைக் கிட்டத்தட்ட மூன்று டன் விசையோடு மேலே தள்ளும். கூரையின் எடையோ இரண்டு டன்கூட இல்லை. மேலே போடும் மண்தான் அதைப் பிடித்து வைக்கிறது. கலனுக்கு மேலே இருக்கும் மண் அழகுக்கு என்று நினைத்து வழித்தெடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

ஆகவே ஒரு அடி அழுத்தம் மட்டும். வாயுக் குழாயைத் திறந்து வைத்து, உள்ளே தண்ணீர் விட்டு, கிணற்றுப் பாதையில் மட்டம் கூரை உச்சியிலிருந்து இரண்டு அடி கீழே நிற்கும்படி நிறுத்தினோம். பூச்சு குடிக்கும் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று இரண்டு நாள் விட்டு, குறைந்ததை நிரப்பினோம். அப்புறம் வால்வை மூடி, மறுபடி தண்ணீர் விட்டு வெளித்தொட்டியின் தரை வரை ஏற்றினோம். இப்போது வாயு நிற்க வேண்டிய பகுதி முழுவதிலும் காற்று, அதன்மேல் ஏறக்குறைய ஒரு அடி அழுத்தம். முதலிலேயே தொட்டித் தரை வரை நிரப்பிவிட்டு வால்வை மூடினால் உச்சியில் இருக்கும் சின்னப் பகுதி மட்டும்தான் சோதனைக்கு வரும். கீழே ஓட்டை இருந்தாலும் தண்ணீர் மறைத்துவிடும். பலர் அப்படித்தான் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்கிறார்கள். மேஸ்திரி மட்டம் பார்க்கும் தெளிந்த ட்யூபை வளைத்துக் குழாயில் மாட்டி, சிவப்புச் சாயத் தண்ணீர் விட்டு அளந்தோம். 12 அங்குலம்.

காலையில் 4 அங்குலம்.

இரவுக் குளிரில் காற்று சுருங்கி ஓரிரு அங்குலம் இறங்குவது உண்டு. எட்டு அங்குலம் இறங்காது. மறுபடி அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீரைக் குழைத்துத் துணியால் கூரை முழுதும் தடவினோம். முதலில் எல்லோரும் உச்சியில் குழாய் பதித்த இடத்தைத்தான் சந்தேகப்பட்டோம், வழக்கமாக அங்கேதான் ஒழுகும். அங்கே ஒன்றும் இல்லை. உச்சியிலிருந்து ஒன்றரை அடி கீழே, ஒரே மட்டத்தில், கூரையின் கால்வாசி வட்டத்துக்குப் பொடிப் பொடியாக நுரை கட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் பூச்சை நிறுத்திய கோடு. பழைய பூச்சின் விளிம்பும் புதிய பூச்சின் விளிம்பும் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்திருக்கின்றன. கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு மேஸ்திரி உள்ளே இறங்கினார். அதுவரை உள்ளே போயிருந்தது தண்ணீர் மட்டும், ஆகவே இறங்கலாம். ஒரு முறை சாணம் விட்ட கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது, காலியாகத் தெரிந்தாலும் கூடாது. மூச்சடைத்து விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். அவர் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் மூன்று மூன்று அங்குலம் கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, சிமெண்ட் பால் அடித்து, மூன்று அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டார். "தப்பு என்னோடதுதானுங்க, ரெண்டு ஆளா வந்து ஒரே நாள்ல முடிச்சிருக்கோணும்" என்று அவரே சொன்னார். அந்த இடத்து பெயின்டையும் சேர்த்து எங்களுக்கு ஒரு மூட்டை சிமெண்டும் ஒன்பது நாளும் கூடுதல். பதினைந்தாவது மூட்டை அப்படித்தான் போனது. இரண்டாவது சோதனையில் 12 அங்குலம் காலையில் 11-ஆக இருந்தது. வெளிப்பூச்சு முடித்து, சுற்றிலும் அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினோம். உச்சிக்கு மேல் ஒன்றே கால் அடி மண்.

முதல் நிரப்புக்கு 2000 கிலோ சாணம் வேண்டும். வீட்டுச் சாணத்தைச் சேர்த்தால் நாற்பது நாள் ஆகும், அதற்குள் காய்ந்துவிடும். பக்கத்துத் தோட்டங்களில் கேட்டு டிராக்டரில் இரண்டு நடை கொண்டுவந்தோம். ஓடிக்கொண்டிருந்த ஒரு கலனிலிருந்து பத்துக் குடம் கழிவுக் கரைசலை வாங்கி அதோடு கலந்தோம், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. ஐந்தாம் நாள் அழுத்தம் ஏறியது. பற்ற வைத்தால் எரியவில்லை. ஆரம்பத்தில் வருவதில் கரியமில வாயுதான் அதிகம், உள்ளே இருந்த காற்றும் கலந்திருக்கும், அந்த நேரத்தில் குழாய் வாயில் தீக்குச்சி வைப்பதே ஆபத்து. மூன்று முறை வெளியேற்றிவிட்டு, பதிமூன்றாம் நாள் அடுப்பில் வைத்துப் பற்றவைத்தோம். நீலமாக எரிந்தது. முதலில் அத்தை பால் காய்ச்சினார்.

ஒரு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது போல இருந்தது, ஒரே ஒரு குறையைத் தவிர. காலை ஏழு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். எட்டரைக்குப் பார்த்தால் மறுபடி கொஞ்சம் எரியும். சாணம் போதவில்லையா, எங்காவது கசிகிறதா என்று சோப்புத் தண்ணீரோடு நான் குழாயெல்லாம் தேடினேன். ஒரு கசிவும் இல்லை. பிறகுதான் சுவரில் இருந்த பென்சில் கணக்கு நினைவுக்கு வந்தது. காலையில் மட்டும் இரண்டரை பர்னர்-மணி, அதாவது 1125 லிட்டர். இரவு முழுக்கச் சேர்ந்து தொட்டியில் நிற்பது அதிகபட்சம் 700. சமைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் புதிதாக 125 லிட்டர் ஊறும். 825 லிட்டர் தீர்ந்ததும் அடுப்பு அணையத்தான் செய்யும். நாள் முழுதும் 2000 லிட்டர் உற்பத்தியாவது உண்மைதான், ஆனால் நாம் கேட்கிற நேரத்தில் அவ்வளவும் இருப்பில் இல்லை. மாட்டுக் கஞ்சி காய்ச்சும் முக்கால் மணியைப் பகல் பதினொரு மணிக்குத் தள்ளினோம். காலைத் தேவை 790 லிட்டராக இறங்கியது. அன்றிலிருந்து அணையவில்லை.

இன்னொரு முறை வேறு விதமாகச் சிக்கினோம். ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தோம். கலன் தலையில் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் மெல்லக் கசிந்திருக்கிறது. தோட்டத்து ஆள் தினமும் சொன்னபடி சாணம் கரைத்து விட்டிருக்கிறார். உள்ளே வாயு நிற்காததால் கரைசலைக் கீழே தள்ள ஆள் இல்லை. மட்டம் ஏறி ஏறி உச்சியையும் தாண்டி வாயுக் குழாய்க்குள் வந்துவிட்டது, ஏனென்றால் தொட்டியில் கழிவு வழியும் துவாரம் கூரை உச்சியைவிட மூன்று அங்குலம் உயரத்தில் இருக்கிறது. வந்து அடுப்பைத் திருகினால் களுக் களுக்கென்று சத்தம், பிறகு ரப்பர் குழாயில் கறுப்புத் தண்ணீர். வெளித்தொட்டியிலிருந்து முப்பது வாளி கரைசலை எடுத்து மட்டத்தை இறக்கி, குழாயைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியதாயிற்று. வால்வை மாற்றிவிட்டோம். இப்போது ஊருக்குப் போனால் சாணம் விடுவதையும் நிறுத்திவிட்டுத்தான் போகிறோம். நாலைந்து நாள் பட்டினி போட்டால் கலனுக்கு ஒன்றும் ஆகாது.

போன மாதம் என் தம்பி தன் தோட்டத்தில் இதே இரண்டு கன மீட்டர் கலன் கட்ட ஆரம்பித்தான். அவன் வீட்டிலும் காலையில்தான் சமையல் மொத்தமும். அவனுக்கு ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். கூரை அதே நாலு அடி ஆரம். வெளித்தொட்டியின் நீளத்தை மட்டும் ஐந்து அடியிலிருந்து ஏழு அடியாக்கு. ஏழுக்கு நாலு, உயரம் ஒன்றே கால், 35 கன அடி, கிட்டத்தட்ட 1000 லிட்டர். அந்த 300 லிட்டர் கரைசல் இடத்திலிருந்துதான் போகிறது, அதனால் உள்ளே தங்கும் காலம் 40 நாளிலிருந்து 37 ஆகும். நம் ஊர் வெப்பத்துக்கு அது ஒரு குறையே இல்லை. அழுத்தம் மூன்று நான்கு அங்குலம் கூடும், கூரை மண்ணை இன்னும் கால் அடி உயர்த்தினால் சரி. கூடுதல் செலவு அறுபது செங்கல், முக்கால் மூட்டை சிமெண்ட்.

"ஏனுங்க்கா, இத உங்க வீட்டுக்கே மொதல்ல பண்ணியிருக்கலாமே?" என்று கேட்டான். மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நான் பதில் சொல்லவில்லை. உள்பூச்சு அன்றைக்கு இரண்டு ஆளாக வந்துவிடுங்கள், காலை ஆறு மணிக்கே, என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.